மேற்குச் சுவருக்கு இன்னொரு சுவரா, செங்கல் ஜாலியா?

வாசகியின் கடிதம்

ஐயா, திருச்சியில் ஏழு வருடத்துக்கு முன் கட்டிய மாடி வீடு எங்களுடையது. முதல் மாடியில் எங்கள் படுக்கையறை மேற்குப் பக்கம். 14 அடி நீளச் சுவர், ஒன்பது இஞ்ச் சேம்பர் செங்கல், உள்ளும் புறமும் பூச்சு. சித்திரை, வைகாசியில் ராத்திரி பதினொரு மணிக்குக்கூட அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. விடிய விடிய ஏசி ஓடுகிறது. போன வருடம் மேற்குப் பக்கத்து மனையில் மூன்று தளத்துக்கு வீடு வந்துவிட்டது. அவர்கள் பால்கனியில் நின்றால் எங்கள் கட்டில் தெரியும். அதனால் 4 அடிக்கு 4 அடி கண்ணாடி ஜன்னலைத் திறப்பதே இல்லை, எப்போதும் திரைதான். எங்கள் மேஸ்திரி, "ஆறு இஞ்ச் இடைவெளி விட்டு வெளியே ஒரு நாலரை இஞ்ச் சுவர் எழுப்பிவிடலாம், இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவு குளிர்ச்சி" என்கிறார். கேரளாவில் படித்த என் மகன், ஓட்டை ஓட்டையாகச் செங்கல் வைத்துக் கட்டும் ஜாலி சுவர்தான் சரி என்கிறான். இடைவெளியை மேலும் கீழும் திறந்துவிட வேண்டும் என்று ஒருவரும், இறுக்கி அடைக்க வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். மேற்கில் எங்களுக்கு 5 அடி காலியிடம் இருக்கிறது. எதைச் செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் பால்கனியை அடைக்கச் சொல்லி மாநகராட்சியில் புகார் கொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

கட்டடப் பொறியாளரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்கு இரண்டாவது முழுச்சுவர் வேண்டாம், ஜாலிதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் அதைக் கட்டுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்தாக வேண்டும். கட்டும்போது உயிருக்கே ஆபத்தான ஒரு தவறையும் தவிர்க்க வேண்டும். காரணங்களோடு சொல்கிறேன். மேஸ்திரியிடம் நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

ராத்திரி பதினொரு மணிக்குச் சுவர் சுடுகிறதே, அது மாலை நாலு மணி வெயில். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரின் வெளிமுகத்தில் விழுந்த சூடு உள்முகத்துக்கு வந்து சேர ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். கிழக்குச் சுவர் வாங்கும் காலை வெயில் மதியமே உள்ளே வந்துவிடும், அப்போது யாரும் படுத்திருப்பதில்லை. மேற்குச் சுவரோ நீங்கள் படுக்கப் போகும் நேரம் பார்த்துச் சூட்டை இறக்குகிறது. ஆகவே ராத்திரி அந்தச் சுவரை எப்படி ஆற வைப்பது என்று யோசிப்பதைவிட, மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அதன் மேல் வெயில் விழாமல் பார்ப்பதே வேலை.

இடைவெளி பெரிதானால் குளிர்ச்சி கூடுமா?

கூடாது. இரண்டு சுவருக்கு நடுவே உள்ள காற்று சூட்டைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அந்தத் தடுப்பு ஏறக்குறைய ஒரு இஞ்ச் அகலத்திலேயே முழுமையாகிவிடுகிறது. அதற்கு மேல் அகலப்படுத்தினால், உள்ளே இருக்கும் காற்று சூடான பக்கம் மேலே ஏறி, குளிர்ந்த பக்கம் கீழே இறங்கிச் சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழற்சியே சூட்டை ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குக் கொண்டு சேர்த்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், இடைவெளியைக் கடக்கும் சூட்டில் பாதிக்கு மேல் காற்று வழியாகப் போவதே இல்லை. சூடான செங்கல் எதிரே உள்ள செங்கல் மேல் நேராக வீசும் கதிர்வீச்சு அது. அதற்கு இரண்டு இஞ்சும் ஒன்றுதான், ஆறு இஞ்சும் ஒன்றுதான். இரட்டைச் சுவர் கட்டுகிறவர்கள் 2 இஞ்சிலிருந்து 3 இஞ்ச் வரை விடுவது கட்டும் வசதிக்காக. அதைவிடக் குறுகலானால் கலவை உள்ளே சிந்தி இரண்டு சுவரையும் பாலம் போட்டு இணைத்துவிடும். உங்கள் மேஸ்திரி சொல்கிற ஆறு இஞ்சில் நாலு இஞ்ச் வெறும் இட இழப்பு.

திறப்பதா அடைப்பதா என்ற சண்டையில் இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. குளிர்நாடுகளில் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் காக்க அடைத்துவைப்பார்கள். வெயில் நேராக அடிக்கும் நம் மேற்குச் சுவருக்கு, மேலும் கீழும் திறந்திருந்தால் வெளிச்சுவர் வாங்கிய சூட்டில் ஒரு பங்கு காற்றோடு மேலேறிப் போய்விடும், அதனால் சற்று நல்லது. ஆனால் மேலே நாலு, கீழே நாலு சின்ன ஓட்டை போட்டுவிட்டால் அந்தக் காற்றோட்டம் வந்துவிடாது. நீளவாக்கில் தொடர்ச்சியான திறப்பு வேண்டும். அதற்கு வலை அடிக்காவிட்டால் எலியும் தேனீயும் குடியேறும். அடைத்த இடைவெளி, கொஞ்சம் திறந்த இடைவெளி, முழுக்கத் திறந்த இடைவெளி என்று வரிசையாகப் போனால் கடைசியில் வந்து நிற்பதுதான் ஜாலி. அதற்குப் பின்னால் காற்று எந்தத் தடையும் இல்லாமல் ஓடுகிறது.

உங்கள் அறைக்கு ஒரு கணக்கு

மே மாதத்தில் மாலை நாலு மணி. வெளிக்காற்று 38 டிகிரி, அறையை ஏசி 28-இல் வைத்திருக்கிறது என்று கொள்வோம். அந்த நேரத்தில் மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 600 வாட் வெயில் விழும். சந்தன நிறப் பெயின்ட் அடித்த சுவரின் வெளிமுகம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். ஜன்னலைக் கழித்தால் உங்கள் சுவர் 11 சதுர மீட்டர் வரும். அதன் வழியாக அறைக்குள் வரும் சூடு சுமார் 640 வாட். சூடு தாமதமாகத்தான் உள்ளே வரும் என்பதால் இது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தோராயக் கணக்கு.

ஜன்னலைப் பாருங்கள். அது வெறும் ஒன்றரைச் சதுர மீட்டர். ஆனால் கண்ணாடி வழியாக வெயில் நேரே உள்ளே வந்துவிடுகிறது. திரை போட்டிருந்தாலும் பாதி உள்ளேதான் நிற்கும், ஏனென்றால் திரையே சூடாகி அறைக்குள் வீசும். அது சுமார் 480 வாட். சுவரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத ஜன்னல், மீதிச் சுவர் முழுவதும் தருவதில் முக்கால் பங்கைத் தனியாகத் தருகிறது. மொத்தம் 1,100 வாட்டை ஒட்டி வருகிறது.

மேஸ்திரி சொல்லும் இரண்டாவது சுவரைக் கட்டினால், சுவர்ச் சூடு 640-லிருந்து 460 அளவுக்குக் குறையும். ஜன்னல் அப்படியே இருக்கும். அவ்வளவு செலவுக்கும் மிச்சம் 180 வாட். ஜன்னலையும் சேர்த்து மறைக்கும் ஜாலியைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினால், வெயில் ஜாலியிலேயே நின்றுவிடும். பின்னால் உள்ள சுவர் வெளிக்காற்றைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதலாகச் சூடாகும். சுவர் வழியாக 300, ஜன்னல் வழியாக 120 என்று மொத்தம் 420 வாட்டுக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட 700 வாட் மிச்சம். ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறனில் இது ஐந்தில் ஒரு பங்கு.

இனிமேல்தான் வீடு கட்டப்போகிற வாசகர்களுக்கு இதே பதிலைச் சொல்லமாட்டேன். புதிதாகக் கட்டும்போது இரட்டைச் சுவரின் பலனை ஒன்பது இஞ்சுக்குள்ளேயே பெற ஒரு வழி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாகக் கையாண்ட எலிப்பொறிக் கட்டு, அதாவது ராட் ட்ராப் பாண்ட். செங்கலைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டுவார்கள். நடுவே 3 இஞ்ச் காற்றறை தானாக விழும், செங்கலிலும் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். அளவு பிசகாத செங்கலும் அதைக் கட்டிப் பழகிய கொத்தனாரும் வேண்டும். ஏற்கெனவே நிற்கிற உங்கள் சுவருக்கு அது பொருந்தாது.

ஓட்டையின் உயரமும் ஆழமும்

ஜாலி என்றால் எந்த ஜாலியும் ஆகிவிடாது. கடையில் விற்கும் பூ வடிவ சிமெண்ட் ஜாலிகள் பலவற்றில் ஓட்டை ஐந்தாறு இஞ்ச், கனம் இரண்டு இஞ்ச். மேற்கு வெயில் சாய்ந்து வருவதால் அவை வழியாகத் தாராளமாக நுழைந்துவிடும். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஓட்டையின் உயரத்துக்கு அதன் ஆழம் எவ்வளவு என்பது.

நாலரை இஞ்ச் கனத்தில், சேம்பர் செங்கலைப் படுக்கையாக நீளவாக்கில் வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே நாலரை இஞ்ச் விட்டுக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையின் உயரம் 3 இஞ்ச் என்று சொல்வார்கள். மேலும் கீழும் உள்ள கலவைக் கனத்தைச் சேர்த்தால் உண்மையில் 3¾ இஞ்ச். ஆழம் நாலரை. இந்த அளவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 40 டிகிரியில் இருக்கும்வரை நேர்வெயில் ஒரு துளிகூட உள்ளே வராது. திருச்சியில் மே மாதத் தொடக்கத்தில் சூரியன் 40 டிகிரிக்கு இறங்குவது ஏறத்தாழ 3.40 மணிக்கு. அதற்குப் பிறகு சிறிது சிறிதாக நுழையும். நாலேகால் மணிக்கு நூறில் ஏழு பங்கும், ஐந்து மணிக்கு ஆறில் ஒரு பங்கும் உள்ளே வரும். ஐந்து மணி வெயிலுக்கு வேகம் குறைவு. போதாததற்கு உங்கள் விஷயத்தில் பக்கத்து வீட்டின் மூன்று தளமும் அந்த நேரத்தில் நிழல் தரும். அந்த வீட்டால் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே நன்மை அதுதான்.

சிலர் ஒன்பது இஞ்ச் கனத்தில் ஜாலி கட்டச் சொல்வார்கள். அப்படிக் கட்டினால் 4.50 வரை வெயிலை முழுக்கத் தடுக்கலாம். கூடுதலாகக் கிடைக்கும் பலன் சொற்பம், எடையோ இரட்டிப்பு. நாலரை இஞ்சே போதும். ஆனால் ஒரே வரிசை உயரத்தில் ஓட்டை இருக்க வேண்டும். அழகுக்காக இரண்டு வரிசையைச் சேர்த்து உயரமான ஓட்டையாக விட்டுவிட்டால் மதியம் இரண்டரை மணிக்கே வெயில் உள்ளே வந்து நிற்கும்.

இதே கணக்குதான் பார்வைக்கும். பக்கத்து வீட்டின் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து உங்கள் கட்டிலைப் பார்க்கிறவரின் பார்வை, அந்தத் தூரத்துக்கு, ஏறக்குறைய 40 டிகிரி சாய்வில்தான் இறங்கும். மூன்றரை மணிச் சூரியனைத் தடுக்கிற அதே செங்கல் விளிம்பு அவர் கண்ணையும் தடுத்துவிடும். சிக்கல் உங்கள் தளத்துக்கு நேரே உள்ள முதல் மாடி பால்கனிதான். நேர்மட்டத்தில் நின்று பார்த்தால் ஓட்டை வழியாகத் தெரியும். அதற்காக அறைத் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரம் வரை ஓட்டையின் அகலத்தை இரண்டேகால் இஞ்சாகக் குறையுங்கள். அதன் மேல் இடைவெளியே விடாமல் ஒரு முழு வரிசை வையுங்கள். அதற்கு மேலே நாலரை இஞ்ச் ஓட்டை வரட்டும். குறுகிய ஓட்டை வழியாக, நேர் எதிரே நிற்பவருக்குக் கீற்றுக் கீற்றாகத் தெரியும், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. கட்டிலையும் ஜன்னலுக்கு நேரே போடாமல் ஓரமாக நகர்த்திக்கொள்ளுங்கள்.

பகலில் ஜாலிக்குப் பின்னால் இருப்பவர் வெளியிலிருந்து தெரியமாட்டார், ஏனென்றால் வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. ராத்திரி விளக்குப் போட்டதும் இது தலைகீழாகிவிடும். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு, ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சின்ன ஜன்னல். பலர் இதை எதிர்பார்க்காமல் கட்டிவிட்டு வருத்தப்படுகிறார்கள். விளக்கு எரியும்வரை திரை இருக்கட்டும். படுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுத் திரையை விலக்கி, ஜன்னலைத் திறந்து படுங்கள்.

கேரளத்து ஜாலியும் திருச்சி ஜாலியும்

உங்கள் மகன் பார்த்திருக்கக்கூடிய ஜாலிகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு, பேக்கர் 1970-களில் திருவனந்தபுரத்தில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம். அங்கே ஜன்னலே இல்லாமல் ஜாலியை மட்டும் வைத்த சுவர்கள் உண்டு. அந்த ஊரின் கஷ்டம் புழுக்கம். காற்றில் ஈரம் அதிகம், சூடு 33, 34 டிகிரியோடு நின்றுவிடும். இருபத்துநாலு மணி நேரமும் காற்று ஓடினால்தான் அங்கே சுகம்.

திருச்சியில் மே மாத மதியக் காற்றே 38, 39 டிகிரி. அதை அறைக்குள் விட்டால் குளிராது, இன்னும் சூடாகும். ஆகவே சுவரை இடித்து ஜாலி வைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜன்னல் அப்படியே இருக்கட்டும், ஜாலி அதற்கு வெளியே தனியாக நிற்கட்டும். காலை பத்து மணிக்கு ஜன்னலை மூடி, வெளிக்காற்று தணிந்த பிறகு, எட்டு ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும். மேற்கு வாங்கும் காற்று வெளியேற எதிர்ப்பக்கத்தில் கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜாலி வழியாக ஒன்றும் நுழையாது. கொசுவலையை ஜன்னலில் அடியுங்கள், ஜாலியில் அடித்தால் ஒரே கோடையில் தூசி அடைத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் பங்குனி வரையிலும், ஆடிக்குப் பிறகும் பல ராத்திரிகளில் ஏசி தேவைப்படாது. அக்னி நட்சத்திரத்தில் ஏசி வேண்டியிருக்கும், ஆனால் விடிய விடிய முழு வேகத்தில் ஓடாது.

முதலில் ஒரு வாரச் சோதனை

உங்களுடையது மாடி அறை. மேலே மொட்டைமாடி. நம் ஊர்க் கோடையில் ஒரு சதுர அடி மொட்டைமாடி வாங்கும் வெயில், ஒரு சதுர அடி மேற்குச் சுவர் வாங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுவரைத் தொட முடிவதால் சுவரைக் குற்றம் சொல்கிறோம், கூரையை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். தொடாமலே வெப்பம் காட்டும் துப்பாக்கி போன்ற வெப்பமானி கிடைத்தால் இன்னும் நல்லது. கூரை சுவரைவிடச் சூடாக இருந்தால் முதல் செலவு கூரைக்குத்தான். மேலே வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட வேண்டும். ஜாலி அடுத்த வருடம் வரட்டும்.

பிறகு நர்சரிகளில் கட்டுகிற பச்சை நிழல் வலையை வாங்குங்கள், முக்கால் பங்கு நிழல் தருவதாக. மொட்டைமாடி கைப்பிடிச் சுவரிலிருந்து மூங்கில் நீட்டி, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, ஜன்னலும் மறையும்படி ஒரு வாரம் தொங்கவிடுங்கள். வலை கட்டுவதற்கு முந்தைய மூன்று நாளும், கட்டிய பிறகு கடைசி மூன்று நாளும் ராத்திரி பத்து மணிக்குச் சுவரின் உள்முகச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், சுவரில் பழைய சூடு இருக்கும். இரண்டு மூன்று டிகிரி இறங்கியிருந்தால் ஜாலியும் அந்தப் பலனைத் தரும். இறங்கவே இல்லையென்றால் சூடு வேறு வழியில் வருகிறது, ஜாலிக்குப் பணத்தைப் போடாதீர்கள்.

சன்ஷேடு மேல் ஏற்றாதீர்கள்

நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். மாடியில் ஜாலி என்றதும், "கீழே சன்ஷேடு இருக்கிறதே, அதன் மேலேயே கட்டிவிடலாம்" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். சன்ஷேடு தன் எடையையும், பெயின்ட் அடிக்க ஏறும் ஒருவரையும் தாங்கக் கம்பி கட்டப்பட்டது. 14 அடி நீளம், 9 அடி உயரத்தில் நாலரை இஞ்ச் ஜாலி, ஓட்டைகளைக் கழித்த பிறகும் ஒன்றே முக்கால் டன் வரும். முழுச்சுவராக இருந்தால் இரண்டரை டன். வேரோடு முறிந்து கீழே நிற்பவர் மேல் விழும். கட்டிய அன்றே விழாமல், மூன்று நாலு வருடம் கழித்து மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்த பிறகு விழுவதும் உண்டு. சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில், மேல்பக்கம், நீளவாக்கில் முடி போன்ற விரிசல் தெரிந்தால் அது எச்சரிக்கை.

ஜாலிக்குத் தனி அஸ்திவாரத்திலிருந்து எழும் கான்கிரீட் தூண்களும், முதல் மாடித் தள மட்டத்தில் ஒரு பீமும் வேண்டும். ஜாலி அந்த பீமின் மேல்தான் தொடங்க வேண்டும். தரையிலிருந்தே ஓட்டை வைத்துக் கட்டினால் திருடனுக்கு ஏணி வைத்துக் கொடுத்ததாகிவிடும். இன்னொன்று ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உங்கள் சுவரில்தான் நேராக மோதும். நாலரை இஞ்ச் ஜாலி 14 அடி நீளத்துக்குத் துணையில்லாமல் நிற்காது. ஐந்தடிக்கு ஒரு கான்கிரீட் நிறுத்தம், பாதி உயரத்தில் 3 இஞ்ச் கான்கிரீட் பட்டை, மேல்முனையில் வீட்டுக் கூரை பீமோடு கம்பி வைத்துப் பிணைப்பு, இந்த மூன்றும் வேண்டும். கம்பி அளவையும் அஸ்திவார ஆழத்தையும் உங்கள் ஊர்ப் பொறியாளர் ஒருவர் மண்ணைப் பார்த்து எழுதித் தர வேண்டும். கடிதத்தில் அதை நான் சொல்வது சரியல்ல.

சுவருக்கும் ஜாலிக்கும் நடுவே ஒன்றரை அடி விடுங்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து ஒட்டடை அடிக்கவும், புறாக்கூட்டையும் தேன்கூட்டையும் அகற்றவும் அது வேண்டும். உங்கள் ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் முழுவதும் திறக்காது, நகரும் கதவாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

5 அடியும் பக்கத்து வீடும்

மேற்கில் உள்ள 5 அடி நீங்கள் விருப்பப்பட்டு விட்ட இடமா, விட்டே ஆக வேண்டிய இடமா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, கட்டடத்தின் உயரத்தையும் மனையின் அகலத்தையும் பொறுத்துப் பக்கவாட்டில் இவ்வளவு காலியிடம் வேண்டும் என்கிறது. உங்கள் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்த அளவு எழுதியிருக்கும். தூண் நிறுத்திய ஜாலி சுமார் இரண்டேகால் அடியை எடுத்துக்கொள்ளும். காலியிடத்துக்குள் நிரந்தரத் தூண் வந்தால் அது விதிமீறலாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். இரண்டாவது முழுச்சுவருக்கும் இது பொருந்தும். இடம் போதாவிட்டால், சுவரிலேயே போல்ட் அடித்து நிறுத்தும் இரும்புச் சட்டத்தில் எடை குறைந்த டெரகோட்டா ஜாலியையோ மூங்கில் தட்டியையோ மாட்டலாம். அதிலும் ஓட்டையின் உயரம் ஆழத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள். எது செய்தாலும் முன்னதாக மாநகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புகார் விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் விட வேண்டிய காலியிடத்தை விடாமல் பால்கனியை நீட்டியிருந்தால் அது விதிமீறல், தாராளமாகப் புகார் கொடுக்கலாம். விதிப்படி கட்டியிருந்தால், உங்கள் அறை தெரிகிறது என்பதற்காக மட்டும் பால்கனியை அடைக்கச் சொல்ல முடியாது. 1882-ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டம், அந்த ஊரில் அப்படியொரு வழக்கம் இருப்பதாக நிரூபித்தால்தான் அந்தரங்கத்தை ஒரு உரிமையாக ஏற்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜன்னலுக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கக் கூடாது என்று ஒருவர் உரிமை கொண்டாட, 20 வருடம் தடையின்றி அனுபவித்திருக்க வேண்டும். போன வருடம் கட்டிய வீட்டுக்கு அது கிடையாது. ஆகவே உங்கள் மனைக்குள், விதிக்கு உட்பட்டு நீங்கள் எழுப்பும் ஜாலியை அவர் தடுக்க முடியாது. ஆனாலும் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் ஒரு தரம் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பால்கனிக்கு எதிரே வரப்போகிறது, சாரம் கட்ட அவர்கள் பக்கத்து இடமும் தேவைப்படும்.

கொத்தனார் வேலை தொடங்கும் நாளில்

ஜாலிக்குப் பூச்சு கிடையாது, செங்கல் அப்படியே மழையில் நிற்கும். நன்றாக வெந்த கல்லாகப் பாருங்கள். இரண்டு கல்லை மோதினால் கணீரென்ற சத்தம் வர வேண்டும், விளிம்பு உதிரக் கூடாது. அரைவேக்காட்டுக் கல் இரண்டு மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பொரிந்துபோகும். ஒரு கல் கீழ்க்கல்லின் மேல் இருபக்கமும் இரண்டேகால் இஞ்சாவது உட்கார வேண்டும், அதனால் ஓட்டையை நாலரை இஞ்சுக்கு மேல் அகலப்படுத்த விடாதீர்கள். ஓட்டைக்குள் வழிந்த கலவையை அன்றன்றே கரண்டியால் வழித்தெடுக்கச் சொல்லுங்கள்.

கலவை போடுவதற்கு முன், மொட்டைமாடியில் மேற்கு ஓரமாக ஐந்து வரிசையைச் சும்மா அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். நாலு மணிக்கு அதன் கிழக்குப் பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, எவ்வளவு வெயில் புள்ளி விழுகிறது என்று பாருங்கள். அதிகமாகத் தெரிந்தால் ஓட்டையைக் குறுக்க அப்போதே சொல்லிவிடலாம். நிழல் வலைச் சோதனையை இந்தச் சித்திரையில் முடித்துக்கொண்டு, மாநகராட்சியின் பதிலும் பொறியாளரின் வரைபடமும் கைக்கு வந்த பிறகு, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து தையில் வேலையைத் தொடங்குங்கள். கான்கிரீட்டுக்கும் கலவைக்கும் தண்ணீர் பிடித்துப் பக்குவமாக நாள் கிடைக்கும், அடுத்த சித்திரைக்குள் ஜாலி நின்றுவிடும்.